பதினாலாவது ஊர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு காகிதத்தை முழுசாகப் படிக்கிற பொறுமை கிடையாது. நோட்டீசைக் கையில் வாங்கினதும் கண் நேராகத் தேதிக்குப் போகும். அதற்கு மேலே இருப்பது, கீழே இருப்பதெல்லாம் வேலையில்லாதவன் எழுதினது என்று நினைப்பு. "பெரியவரே, சுருக்கமாச் சொல்லுங்க, பஸ்ஸு வந்துரும்" என்கிறார்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும். சுருக்கமாகச் சொன்னதால் ஒருத்திக்கு என்ன ஆனது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

எழுபத்தி மூன்றாம் வருஷம். மீனாட்சிபுரம் போகிற ரோட்டில் ஒரு அரிசி மில்லுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. குடிகிடப்புக்காரர்களுக்கு மண் எழுதிக் கொடுக்க என்று மலையாள சர்க்கார் போட்ட தனி ஆபீஸ். இப்போது அது இல்லை, மில்லும் இல்லை. குடிகிடப்பு என்றால் வேறொன்றுமில்லை, அடுத்தவன் வெள்ளாமைக் காட்டில் சாளை என்கிற குடிசை போட்டுக் காலங்காலமாகக் குடியிருக்கிறவன். அப்படி இருக்கிறவன் மனுக் கொடுத்தால் சாளை நிற்கிற மண் அவன் பேருக்கே வரும் என்று சட்டம். நான் அங்கே பியூன். மூன்றாம் கிளாஸ் வரைக்கும் படித்தவன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மலையாளம் கேட்டால் புரியும், இங்கிலீஷில் ஆபீஸ் முத்திரை தலைகீழாக இருக்கிறதா நேராக இருக்கிறதா என்று தெரியும். அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை. இருபத்திரண்டு ஊர், வரிசையாக நம்பர் போட்டு, ஒவ்வொரு ஊருக்கும் நேரே மனுக் கொடுக்கக் கடைசித் தேதி. அந்தத் தேதி தாண்டினால் போச்சு. ஆனால் பன்னிரண்டாம் பிரிவில் "ஆனால்" என்று ஒரு பத்தி தொங்கிக்கொண்டிருந்தது. வரம்புரை என்பார்கள். தக்க காரணம் இருந்தால் பிந்தி வந்த மனுவையும் ஆபீசர் வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. காய்ச்சல், சாவு, ஆற்றில் தண்ணி என்று எதையாவது சொல்லி அந்தப் பத்தி வழியாகப் பல பேர் உள்ளே வந்திருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் முழுக்கத் தமிழில் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்திருந்தோம். எங்கள் பக்கம் சனம் பேசுவது தமிழ், படிக்கிறதும் அதுதான். டீக்கடையில் பஞ்சாங்கம் தொங்குகிற ஆணியில் அதுவும் நூல் கோத்துத் தொங்கும்.

பிப்ரவரி மாசம் கெஜட்டில் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. இங்கிலீஷில் இரண்டே பக்கம். எங்கள் மலையாளத்து ஆபீசர் அதை ஈஸ்வரமூர்த்தியிடம் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னார்.

ஈஸ்வரமூர்த்தி மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. முப்பத்தைந்து வயசிருக்கும். சட்டைப் பையில் மூன்று கலர் பேனா. மத்தியானம் சாப்பிடும்போதும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற ஆள். இரண்டு பக்கத்துக்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதே அவர் மேல் சந்தேகம். இரண்டு பக்கத்துக்குப் பதினோரு நாள் ஒருவன் எடுத்தால் ஒன்று அவனுக்கு வேலை தெரியாது, இல்லாவிட்டால் வேலையை நீட்டுகிறான்.

"ஏனுங் சார், ரண்டு பக்கந்தானுங்களே?" என்றேன்.

"குப்பண்ணா, இது படிக்கிற காகிதமல்லங்க. பழைய காகிதத்துக்குப் போடற உத்தரவு. இந்த எடத்துல வெட்டு, இந்த எடத்துல ஒட்டுன்னு. எதை வெட்டறதுங்கறதும் எதை ஒட்டறதுங்கறதும் அப்பிடியே இருக்கோணும். ஒட்டி முடிச்ச துணிய மட்டும் காட்டுனா எங்க தச்சிருக்குதுன்னு எவனுக்குமே தெரியாது."

ஒரு நீள நோட்டில் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ் எழுதியிருந்தார். அங்கே மூன்றாம் பிரிவு என்றால் இங்கேயும் மூன்றாம் பிரிவு, அதே வரிசை. எடுக்கச் சொன்ன வார்த்தை சிவப்பு மையில், போடச் சொன்ன வார்த்தை பச்சை மையில், இரண்டும் மேற்கோள் குறிக்குள்ளே. ஓரத்தில் பழைய சட்டத்தின் பக்க நம்பர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கல்யாணப் பத்திரிகை மாதிரி.

திருத்தத்தில் இருந்தது இவ்வளவுதான். முதல் பிரிவு, சட்டத்தின் பேரும் அது உடனே நடப்புக்கு வரும் என்பதும். இரண்டாம் பிரிவு, பன்னிரண்டில் தொங்கின அந்த "ஆனால்" பத்தியை எடுத்துவிட்டு வேறொரு "ஆனால்" பத்தியைப் போடச் சொன்னது: கடைசித் தேதிக்குப் பின் வருகிற மனுவை எந்தக் காரணத்துக்காகவும் வாங்கக் கூடாது. மூன்றாம் பிரிவு, அட்டவணையில் ஒன்பதாவது ஊரை நீக்கிவிட்டு, பத்து முதல் இருபத்திரண்டு வரை உள்ளதை ஒன்பது முதல் இருபத்தொன்று என்று நம்பர் மாற்றச் சொன்னது. அந்த ஊர் முனிசிபாலிட்டியில் சேர்ந்துவிட்டதாம். நாலாம் பிரிவு, "அவ்வாறு மறு எண்ணிடப்பட்ட 14ஆம் பதிவில், 'மார்ச் 31' என்பதற்குப் பதிலாக 'செப்டம்பர் 30' என்று அமைக்கப்படும்."

பழைய காகிதத்தில் பதினாலு கள்ளியம்பாறை, பதினைந்து ஓடைக்களம். ஒன்பதை எடுத்துவிட்டால் கள்ளியம்பாறை பதின்மூன்றாகிவிடும், ஓடைக்களம் பதினாலாகிவிடும். செப்டம்பர் ஓடைக்களத்துக்கு. அங்கே சர்வே முடியவில்லை என்று ஆறு மாசம் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு இதை நான் தூக்கத்திலும் சொல்லுவேன். அன்றைக்குத் தெரியாது.

"ஏனுங், நம்பரோட ஊர்ப் பேரையும் ஒருக்கா எழுதிப்போட்டா என்னுங்?" என்று நான் அன்றைக்கே கேட்டேன். பொய் சொல்லவில்லை, கேட்டேன்.

"மூலத்துல ஊர்ப் பேரு இல்லைங்க. மூலத்துல இல்லாதத நான் ஒரு எழுத்துச் சேக்கமாட்டன். சேத்தா அது என்ற சட்டமாயிரும், சர்க்கார் சட்டமாகாது."

சரி, அவர் தொழில் அவருக்கு.

காகிதம் சூப்பிரண்டு அழகுமலையிடம் போனது. அவர் சூரியநெல்லிப் பக்கத்து ஆள். அப்பன் எஸ்டேட்டில் கங்காணி. கூலிக்காரர் லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர் என்பதால் தனக்குத் தெரியாததே இல்லை என்று இருப்பார். நாலு பக்கத் தமிழைக் கையில் தூக்கிப் பார்த்தார், கறிக்கடையில் எடை பார்க்கிற மாதிரி.

"என்னய்யா இது, ரெண்டு பக்கம் நாலாயிருக்கு? ஸ்டென்சில் எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதானுங்க. இன்டென்ட் போட்டு மூணு மாசமாச்சுங்க" என்றேன். சைக்ளோஸ்டைல் மிஷின் சுத்துகிறது என் வேலை. டைப் அடித்த மெழுகுத் தாளை உருளையில் மாட்டி, மை தடவி, கைப்பிடியைச் சுத்தினால் முந்நூறு காப்பி விழும். தாள் ஒன்றுதான் என்றால் ஒரு பக்கந்தான்.

"அப்ப ஒரு பக்கத்துல அடி. சனங்களுக்கு என்னவே வேணும்? எந்த ஊருக்குத் தேதி நீட்டியிருக்குன்னு வேணும். அத மட்டும் குடு." சிவப்புப் பென்சிலால் மேலேயிருந்து கோடு இழுத்துக்கொண்டே வந்தார். இரண்டாம் பிரிவு போனது. "இது சனங்களுக்குப் பயப்படுத்துத சங்கதி, வேண்டாம்." மூன்றாம் பிரிவு போனது. "இது ஆபீஸ் நம்பர் கணக்கு." நாலாம் பிரிவில் வந்து நின்றார். "அவ்வாறு மறு எண்ணிடப்பட்ட... இது என்னய்யா, வாலு?"

"சார், அந்த வாலுலதானுங் விசயமே இருக்குது. மூணாம் பிரிவ எடுத்துப்போட்டு நாலாம் பிரிவ மட்டும் வெச்சா பதினாலுங்கறது எந்தப் பதினாலுன்னு..."

"எந்தப் பதினாலா? பதிமூணுக்கு அடுத்தது பதினாலு. நீரு பதினஞ்சுக்கு அடுத்தது வச்சிருக்கீரோ?" அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஒமக்கு ஒரு வரிய ஒடைக்க மனசு வராது. தெரியும்வே. நேரா எழுதும்."

"நேரா எழுதுனா தப்பாயிருமுங் சார்."

"கெஜட்டு இருக்குல்லா. சந்தேகம் இருக்கவன் கெஜட்டப் பாக்கட்டும்."

ஈஸ்வரமூர்த்தி காகிதங்களை வாரி எடுத்துக்கொண்டார். தன் மேசைக்கு வந்து பைலைத் திறந்து, இந்தச் சுருக்கத்துக்கு என் சம்மதம் இல்லை, சூப்பிரண்டு வாய்மொழி உத்தரவின்படி அடிக்கிறேன் என்று குறிப்பு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மை காய்கிறதா என்று ஊதிப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து ஸ்டென்சில் அடித்தார். தலைப்பு, நாலாம் பிரிவு, வாலில்லாமல். அடியில் ஒரு வரி: இது விவரத்துக்கான மொழிபெயர்ப்பு மட்டுமே, ஆங்கில வாசகமே செல்லுபடியாகும். அந்த வரியில் மட்டும் சூப்பிரண்டு பென்சில் வைக்கவில்லை. ஆபீசருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

முந்நூறு காப்பி சுத்தினேன். விரலெல்லாம் மை. வில்லேஜ் ஆபீஸ்களுக்கு அனுப்பினது போக மிச்சத்தை என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தேன். கேட்டு வருகிறவனுக்கெல்லாம் ஒன்று கொடுத்தேன்.

மார்ச் இருபத்தெட்டு. சின்னத்தாயி வந்தாள். கள்ளியம்பாறையில் பண்ணைக்காரி நாச்சம்மாள் காட்டில் சாளை. புருசன் செத்து ஏழு வருஷம், ஒரு மகள், அவளுக்கு வலிப்பு. புருசனின் அப்பன் காலத்தில் போட்ட சாளை அது. மனுவில் பெருவிரல் உருட்டித் தயாராகக் கொண்டு வந்திருந்தாள். வில்லேஜ் ஆபீசில் ஒரு சர்டிபிகேட் வாங்கி ஒட்ட வேண்டியது பாக்கி. அங்கே இரண்டு நாள் கூட்டம். போய் நின்றால் கடலைக்காய் பிடுங்குகிற வேலை போகும்.

"ஏனுங்கண்ணா, மூணு நாளுதானுங் இருக்குது. நாளைக்கும் நாளன்னைக்கும் அங்க நின்னா ஆயிருமுங்களா? இல்ல, சர்டிபிகேட்டு இல்லாமயே இதக் குடுத்துப்போட்டுப் பொறகு ஒட்டுலாமுங்களா?"

ஒட்டலாம். மனுவை முதலில் வாங்கிக்கொண்டு குறையைப் பின்னால் தீர்க்கிறது எங்கள் ஆபீசில் வழக்கம்தான். நான் அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னிடம் அதைவிட நல்ல சேதி இருப்பதாக நினைத்தேன். ஸ்டூலுக்குப் பக்கத்திலிருந்து காகிதத்தை எடுத்தேன். நான் எவன் வாய்ச் சொல்லையும் நம்புகிறவன் அல்ல. பழைய தமிழ்ப் புத்தகத்தையும் எடுத்து, அட்டவணையைப் பிரித்து, விரல் வைத்துப் பார்த்தேன். பதினாலு, கள்ளியம்பாறை. புதுக் காகிதத்தில் பதினாலு, செப்டம்பர் முப்பது. என் கண்ணால் பார்த்தேன்.

"உன்ற ஊருக்குச் செப்டம்பர் வரைக்கும் நீட்டியிருக்குது அம்மிணி. போ. போய்க் கடலக்கா புடுங்கு. ஆவணி கழிஞ்சு நிதானமா வா."

"நெசமாலுமுங்களாண்ணா?"

"சர்க்கார் காகிதம் இதா இருக்குது. நானா கையில எழுதிக் குடுக்கறேன்?"

அவள் காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். போகும்போது என் கையில் ஒரு பிடி பச்சைக் கடலைக்காய் வைத்துவிட்டுப் போனாள். அங்கேயே உட்கார்ந்து தின்றேன். வாலைப் பற்றி அன்றைக்கு மேசையில் நடந்த சண்டை எனக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. குமாஸ்தாக்கள் சண்டை என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி நாச்சம்மாள் வந்தாள். மாட்டுவண்டி மில் வாசலில் நின்றது. அறுபது வயசுக்கு மேலே, மெலிந்த உடம்பு, மாடிப்படியை நிற்காமல் ஏறினாள். அறுபது ஏக்கர் பண்ணையத்தை ஒத்தையில் பார்க்கிறவள். பாலக்காட்டு வக்கீலிடம் கெஜட்டைக் காட்டி அர்த்தம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். சட்டம் யாருக்கு வேண்டுமோ அவன் இங்கிலீஷில் கேட்டுக்கொள்கிறான்.

"ஏன் குப்பண்ணா, என்ற காட்டுச் சாளைக்காரியளு எவளாச்சும் மனுக் குடுத்திருக்கறாளா, பாரு."

"இல்லீங்க ஆத்தா. இன்னும் நாள் இருக்குதுங்களே."

"இருக்குதா?" என்று சிரித்தாள். "யாருக்கு?"

அதோடு நிறுத்திக்கொண்டாள். மார்ச் முப்பத்தொன்று வரைக்கும் இன்ன சர்வே நம்பரில் மனு எதுவும் வரவில்லை என்று ஒரு சர்டிபிகேட் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். அதை எழுதிக் கொடுத்ததும் ஈஸ்வரமூர்த்திதான். எழுதிக்கொண்டிருந்தபோது அவர் கை ஒரு தடவை நின்றது. நான் பார்த்தேன். அப்புறம் எழுதி முடித்தார்.

அவள் போனபின் என்னிடம் வந்து, "குப்பண்ணா, கள்ளியம்பாறையாளுக யாராச்சும் உங்ககிட்ட வெசாரிச்சாங்களா?" என்றார்.

"ஏனுங்?"

அப்போதுதான் சொன்னார். ஒன்பதை எடுத்தது, நம்பர் கீழே இறங்கினது, பதினாலு இப்போது ஓடைக்களம் என்பது. நோட்டைக் கொண்டு வந்து சிவப்பையும் பச்சையையும் காட்டினார். எனக்குக் காதுக்குள்ளே மிஷின் சுத்துகிற சத்தம்.

"மொதல்லயே சொல்றதுக்கென்னுங் சார்?"

"சொன்னனே. சூப்பிரண்டுகிட்டச் சொன்னன். பைலுலயும் எழுதியிருக்கறன்."

"பைல எவஞ் சார் படிப்பான்?"

அவர் நோட்டை மூடினார். அன்றைக்கே அழகுமலையிடம் போய்த் திருத்தின காகிதம் விட வேண்டும் என்று கேட்டார். அழகுமலை மாற்றல் உத்தரவு வந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், பதவி உயர்வோடு மலைக்கே. "புது சூப்பிரண்டு வருவாரு, அவருட்ட சொல்லும்" என்றுவிட்டு, எனக்கு ஒரு பொட்டலம் எஸ்டேட் தேயிலை கொடுத்துவிட்டுப் போனார். நல்ல தேயிலைதான்.

ஜூன் மாசம் விசாரணை. சின்னத்தாயி சாளைக்கு உரிமை இல்லை, காலி பண்ண உத்தரவிட வேண்டும் என்று நாச்சம்மாள் போட்ட மனு. பேர் கூப்பிடுகிறது என் வேலை. "கள்ளியம்பாறை சின்னத்தாயி" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். முதல் தடவையே அவள் முன்னால்தான் நின்றிருந்தாள். மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்பது முறை.

முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். வேர்வையில் நனைந்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"இதுல செப்டம்பர்னு இருக்குதுங் சாமி."

ஆபீசர் திருத்தத்தை முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னார். ஈஸ்வரமூர்த்தி எழுந்து நீள நோட்டைத் திறந்தார். நல்ல குரல் அவருக்கு. மூன்றாம் பிரிவை முதலில் படித்தார், ஒன்பதை நீக்கினார், பத்தை ஒன்பதாக்கினார், ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி இறக்கிக்கொண்டே வந்தார். "பதிமூணு, கள்ளியம்பாறை. மார்ச் முப்பத்தொன்று. பதினாலு, ஓடைக்களம்." அப்புறம் நாலாம் பிரிவை வாலோடு படித்தார். ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். சின்னத்தாயிக்கும் புரிந்தது. அவள் உதடு பதிமூணு என்று அசைந்தது.

"அப்ப எனக்குத் தப்பாச் சொன்னது காரணமாகாதுங்களா சாமி? காச்சல்னு சொன்னாக்கூட மொதல்ல வாங்குனீங்களாமா?"

ஈஸ்வரமூர்த்தி இரண்டாம் பிரிவைப் படித்தார். எந்தக் காரணத்துக்காகவும் வாங்கக் கூடாது.

ஆபீசர் கெட்டவர் அல்ல. காகிதத்தின் அடியில் இருக்கிற வரி என்ன என்று மலையாளத்தில் கேட்டார். ஆங்கில வாசகமே செல்லுபடியாகும் என்று சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்தக் காகிதத்தை நம்பி இருக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

சின்னத்தாயி கையை நீட்டினாள். "இந்த அண்ணந்தானுங் சொன்னாரு. பழைய பொஸ்தகத்தையும் இதையும் வெச்சு, வெரல வெச்சுக் காட்டுனாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆபீசர், "நீ பறஞ்ஞோ?" என்றார்.

எனக்குப் பென்ஷனுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. "பேரு கூப்புடறதுதானுங் என்ற வேலை. ரோசனை சொல்றது என்ற வேலையில்லீங்க" என்றேன்.

சின்னத்தாயி கையை இறக்கினாள். திட்டவில்லை. நான் கடலைக்காய் தின்றதைச் சொல்லவில்லை. மேசை மேலிருந்த காகிதத்தை எடுக்கப் போனாள். அதைப் பைலில் சேர்க்க வேண்டும் என்று இன்னொரு குமாஸ்தா பிடுங்கிக்கொண்டான்.

வெளியே மாடிப்படியில் நாச்சம்மாள் அவளை நிறுத்தினாள். "சர்க்காரு சொல்லிப்போட்டுது, நானொண்ணும் சொல்லல. ஆனி முடியறதுக்குள்ள பிரிச்சுப்போடோணும். வெளியாளு எதுக்கு? நீயே பிரி. கூலி குடுத்தர்றேன். சோளத்தட்டையும் மூங்கிலையும் கட்டுத்தாரிப் பக்கத்துல அடுக்கிப்போடு, மாட்டுக் கொட்டாய்க்கு ஆவும்."

"எங்கீங் ஆத்தா போறது?"

"செப்டம்பர் வரைக்கும் யோசி" என்றாள் நாச்சம்மாள். வண்டிக்காரன் சிரித்தான்.

நான் போய்ப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை, லீவு நாளில் சைக்கிளில் போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். சின்னத்தாயி கூரை மேல் உட்கார்ந்து சோளத்தட்டை உருவி உருவிக் கீழே போட்டாள். மகள் கீழே நின்று பொறுக்கிக் கட்டுக் கட்டினாள். இடையில் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்து மண்ணில் விழுந்தது. சின்னத்தாயி இறங்கி வந்து, சாவிக்கொத்தைக் கையில் திணித்து, வாயைத் துடைத்து, நிழலில் கிடத்திவிட்டுத் திரும்ப ஏறினாள். நிழல் என்றால் சுவரின் நிழல். கூரை பாதி போயிருந்தது. நாச்சம்மாளின் ஆள் ஒருவன் உட்கார்ந்து கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு கட்டுச் சின்னதாக இருக்கிறது, அவிழ்த்துக் கட்டு என்றான். அவிழ்த்துக் கட்டினாள். அவள் என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். கூப்பிடவில்லை.

அந்த ஊரில் மனுக் கொடுக்காமல் காத்திருந்த வீடுகள் பதினொன்று. மிச்சப் பத்தையும் நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் ஸ்டென்சில் வந்தது, ஒரு டப்பா நிறைய. ஈஸ்வரமூர்த்தி நாலு பக்கத்தையும் முழுசாக அடித்தார். இந்தத் தடவை ஐந்தாவதாக ஒரு பக்கமும் சேர்த்திருந்தார். பழைய நம்பர் ஒரு பக்கம், புது நம்பர் எதிர்ப்பக்கம், எந்தப் பிரிவால் மாறியது என்பது நடுவில், ஊர்ப் பேரோடு. சட்டத்தின் பகுதி அல்ல, ஒப்புநோக்க மட்டும் என்று மேலே எழுதியிருந்தார். இனிமேல் இந்த ஆபீசில் எந்தத் திருத்தம் வந்தாலும் இப்படித்தான், புது சூப்பிரண்டு எழுத்தில் உத்தரவு போட்டுவிட்டார் என்றார். முந்நூறு காப்பி சுத்தினேன். அதில் ஒன்றை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"பாருங்க குப்பண்ணா. இனி எந்த வரி எங்கிருந்து வந்துதுன்னு எவனும் புடிச்சுரலாம். தப்பு நடக்காது."

"ஆமாங்க."

அவர் போகவில்லை. குரலை இறக்கினார். "நீங்க அன்னைக்கு விசாரணையில சொல்லாம இருந்தது... மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க ஆமான்னு சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்க. இங்க பாருங்க, ரண்டாம் பிரிவு." விரலை வைத்தார். "எந்தக் காரணத்துக்காகவும். பியூன் சொன்னதும் காரணந்தான? ஆபீசர் கை கட்டித்தான் கெடந்துச்சு. சட்டப்படி உங்க மேல ஒண்ணுமில்லீங்க."

நான் அந்த வரியைப் படித்தேன். எழுத்துக் கூட்டி, மெதுவாக, அதற்கு மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் சேர்த்து. அவர் சொன்னபடிதான் இருந்தது.

"அதுல இருக்குதுங்க சார்" என்றேன்.

"அப்பறமென்ன?"

காகிதத்தை அவர் மேசை மேலேயே வைத்துவிட்டு, மை துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். மேலேயிருந்து இன்னும் ஏதோ சொன்னார், வரம்புரை என்று காதில் விழுந்தது. மில் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தேன்.